அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தால் முதலில் அளந்து பாருங்கள்

கேள்வி: தம்பிக்கு 27 வயது. சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் டி10ல் அடிபட்டு எட்டு மாதம் ஆகிறது. நான்தான் டியூப் போட்டு யூரின் எடுக்கிறேன். கையுறை, டெட்டால் எல்லாம் வைத்துச் சுத்தமாகத்தான் செய்கிறோம். ஆனாலும் இரண்டு மாதத்தில் மூன்று முறை இன்ஃபெக்‌ஷன் என்று ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டார்கள். மோஷன் எப்போது வரும் என்றே தெரியவில்லை. எங்கே தப்பு செய்கிறோம்?

சுத்தத்தில் பெரிய குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எழுதியதில் கையுறை இருக்கிறது, டெட்டால் இருக்கிறது, இரண்டு எண்கள் மட்டும் இல்லை. ஒரு முறை டியூப் போட்டால் எத்தனை மில்லி வருகிறது, அடுத்த முறை போட எத்தனை மணி நேரம் ஆகிறது? முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு வார்டில் 19 வருடம் செவிலியராக இருந்தேன். திரும்பத் திரும்ப இன்ஃபெக்‌ஷன் என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். தம்பியை நான் நேரில் பார்த்ததில்லை, மருந்து எழுதுவது என் வேலையும் இல்லை. அதனால் தினசரிப் பழக்கம் சம்பந்தப்பட்டதை விவரமாகச் சொல்கிறேன். மருந்து சம்பந்தப்பட்டதை டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியாக விட்டுவிடுகிறேன்.

டியூப் போட்டு எடுப்பதென்றால் ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டும் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மான் என்ற மருத்துவர் அப்படித்தான் செய்யவைத்தார், பலனும் நன்றாக இருந்தது. ஆனால் அதை வீட்டில் யார் செய்ய முடியும்? 1972ல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடிஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, சுத்தமான டியூபால் நோயாளியே எடுத்துக்கொண்டால் போதும் என்று எழுதினார். அவர் சொன்ன காரணம்தான் இங்கே முக்கியம். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவருக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது, கிருமியை எதிர்க்கும் சக்தியும் அதோடு போய்விடுகிறது. டியூபோடு கொஞ்சம் கிருமி உள்ளே போவதை முழுதாகத் தடுக்கவே முடியாது. பை விரியாமல் இருந்து, நேரத்துக்குக் காலியாகிக்கொண்டிருந்தால், போன கிருமி வேர்விடுவதற்குள் வெளியே வந்துவிடும். நேரத்துக்கு நேரம் சுத்தமான டியூப் போட்டு எடுத்துவிடும், இன்று வீட்டில் செய்கிற சி.ஐ.சி. முறை முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

பெரியவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் எல்லை இதுதான்: எந்த ஒரு முறையும் 500 மில்லியைத் தாண்டக் கூடாது, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். குடிப்பது நாள் முழுவதற்கும் சேர்த்து 2 லிட்டர் அளவில், பகலில் பரவலாக இருக்க வேண்டும். 500 தாண்டினால் அடுத்த முறையை முன்னே இழுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு முறை கூட்ட வேண்டும். தண்ணீரைக் குறைத்து எண்ணைச் சரிசெய்வது வேண்டாம். ‘நிறையக் குடித்தால் கிருமி அடித்துக்கொண்டு போய்விடும்’ என்று 4 லிட்டர் குடிப்பதும் வேண்டாம். தானாக யூரின் போகிறவர்களுக்கு அந்த அறிவுரை சரியாக இருக்கலாம். டியூபை நம்பியிருப்பவருக்கு 4 லிட்டர் என்றால் பை நிரம்பி வழியும், அவ்வளவுதான்.

எங்களிடம் வந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன், அப்போது விஷயம் விளங்கும். முப்பதைத் தாண்டியவர், அடி உங்கள் தம்பிக்குப் போலவே முதுகின் கீழ்ப் பகுதியில். சிறிய கடை வைத்திருந்தார். ஏழு மாதத்தில் ஐந்து முறை ஆன்டிபயாடிக், அதில் இரண்டு முறை ஊசி. கை கழுவுவதில் அவரைக் குறை சொல்லவே முடியாது. மூன்று நாள் அளந்து எழுதச் சொன்னோம். காலை 6 மணிக்கு 900 மில்லி, 11 மணிக்கு 350, மாலை 4 மணிக்கு 300, இரவு 10 மணிக்கு 400. மூன்று நாளும் ஏறக்குறைய இதே எண்கள். மொத்தம் 1950, அதில் தவறே இல்லை. நாள் முழுவதும் பார்த்தால் நான்கில் மூன்று முறை அருமை. ஆனால் ஒவ்வொரு இரவும் எட்டு மணி நேரம் காலியாகாமல், பை எல்லையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது.

இரவில் ஏன் அவ்வளவு? கடையில் நனைந்துவிடுமோ என்ற பயத்தில் பகலில் வாயை நனைத்துக்கொள்வதோடு சரி, வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கு மேல் ஒரு லிட்டர் குடிப்பார். இது ஒரு பாதி. மறு பாதியைப் பலர் கவனிப்பதில்லை. சக்கர நாற்காலியில் காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்திருப்பவருக்குக் கெண்டைக்கால் தசை வேலை செய்யாததால் நீர் காலிலேயே தங்குகிறது. மாலையில் கணுக்கால் வீங்கியிருக்கும், சாக்ஸ் தடம் பதிந்திருக்கும். இரவில் படுத்தவுடன் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் அதை யூரினாக இறக்கிவிடுகிறது. குடிக்காமல் படுத்தாலும் காலையில் பை நிறைந்திருப்பது இதனால்தான்.

அவருக்குச் செய்த மாற்றம் இவ்வளவுதான். காலை 7 முதல் மாலை 6 வரை மணிக்கு ஒரு டம்ளர் என்று குடிப்பதைப் பகலுக்கு மாற்றினோம். மாலை 5 மணிக்குக் கடையிலேயே ஒரு கட்டில் போட்டு, காலுக்குக் கீழே தலையணை வைத்து ஒன்றரை மணி நேரம் படுக்கச் சொன்னோம். காலில் இருந்த நீர் அப்போதே இறங்கியது. டியூப் நேரம் 6, 10, 2, மாலை 6, இரவு 10.30 என்று ஐந்தானது. முதல் மூன்று வாரம் இரவு 2 மணிக்கு அலாரம் வைத்து இன்னொரு முறை. ஒரு மாதத்தில் காலை எண் 430க்கு வந்தது, இரவு அலாரத்தை நிறுத்தினோம். அடுத்த ஒரு வருடத்தில் காய்ச்சலோடு இன்ஃபெக்‌ஷன் வந்தது ஒரே ஒரு முறை. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அளக்காமல் இருந்திருந்தால் அவருக்கு ஆறாவது ஆன்டிபயாடிக்தான் எழுதியிருப்பார்கள்.

டியூப் போடும் முறைக்கு வருவோம். தப்பு நடப்பது பெரும்பாலும் உள்ளே விடும்போது இல்லை, வெளியே எடுக்கும்போது. கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். நுனித்தோலைப் பின்னால் தள்ளி, சோப்பும் தண்ணீரும் போட்டுத் துடையுங்கள். 12 அல்லது 14 அளவு நெலட்டான் டியூபில் தண்ணீரில் கரையும் ஜெல்லைத் தாராளமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது தண்ணீரில் கரையாது. ஆணுறுப்பை வயிற்றை நோக்கி நிமிர்த்திப் பிடித்தால் பாதை நேராகும். உள்ளே ஓரிடத்தில் தடுக்கும், அது வாசலைக் காக்கிற தசை. அங்கே அழுத்தித் தள்ளினால் காயமாகி ரத்தம் வரும், அந்தக் காயமே அடுத்த இன்ஃபெக்‌ஷனுக்கு இடம் கொடுக்கும். அப்படியே நிறுத்தி, தம்பியை மெதுவாக மூச்சு விடச் சொல்லிக் காத்திருங்கள், தசை தளரும். யூரின் வந்ததும் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே விடுங்கள்.

வருவது நின்றவுடன் சட்டென்று இழுத்துவிடுவது எல்லோரும் செய்வது. நின்றபின் அரை அங்குலம் இழுத்து நிறுத்தினால் மறுபடி வரும், அது நின்றதும் இன்னும் கொஞ்சம் இழுங்கள். பையின் அடியில் இருக்கும் கடைசி 50, 60 மில்லியை விட்டுவிட்டால் அது அடுத்த ஐந்து மணி நேரத்துக்குக் கிருமிக்குப் போட்ட உறைமோர் மாதிரி. எல்லாம் முடிந்ததும் நுனித்தோலை முன்னால் கொண்டுவர மறக்காதீர்கள். உணர்வு இல்லாதவருக்கு அது பின்னாலேயே இறுகி வீங்கினால்கூடத் தெரியாது. அப்புறம், டியூப் போடுவதற்குப் பதிலாக அடிவயிற்றை ஓங்கி அழுத்தி யூரினைப் பிதுக்குவதைச் சிலர் இன்னும் சொல்லித் தருகிறார்கள். வாசல் தசை மூடியிருக்கும்போது அழுத்தினால் யூரின் சிறுநீரகத்துக்குத் திரும்பிப் போகலாம். செய்யாதீர்கள்.

டெட்டாலை விட்டுவிடுங்கள். தோலில் தினமும் ஐந்து முறை பட்டால் எரிச்சல், டியூபின் மேல் ஒட்டியிருந்தால் உள்ளே இருக்கும் மென்மையான சவ்வுக்கு எரிச்சல். டியூபைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா என்பதில் மட்டும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உறையில் ஒரு முறை மட்டும் என்றுதான் அச்சிட்டிருக்கும், முடிகிறவர்கள் அப்படியே செய்யட்டும். தினம் ஐந்து டியூப் வாங்க முடியாத குடும்பங்களில் கழுவிப் பயன்படுத்துகிறார்கள், இரண்டுக்கும் இன்ஃபெக்‌ஷனில் பெரிய வித்தியாசம் உண்டா என்பது ஆய்வுகளில் தீர்மானமாகவில்லை. கழுவுவதென்றால் எடுத்தவுடனே கழுவ வேண்டும், சோப்புத் தண்ணீரைச் சிரிஞ்சால் உள்ளேயும் செலுத்தி அலச வேண்டும், உதறித் தொங்கவிட்டு உள்பக்கமும் முழுக்கக் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைப்பதுதான் கெடுதல். நாங்கள் ஒரு டியூபை ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொன்னதில்லை. விறைப்பாகிவிட்டாலோ, மங்கலாகிவிட்டாலோ அதற்கு முன்பே தூக்கிப் போடுங்கள். ஒருவருடையதை இன்னொருவர் தொடவே கூடாது.

இனி உங்களுக்கு வந்த அந்த மூன்று இன்ஃபெக்‌ஷன். அப்போது தம்பிக்குக் காய்ச்சல் இருந்ததா, அல்லது லேப் ரிப்போர்ட்டில் பஸ் செல், அதாவது சீழ் அணு அதிகம் என்று பார்த்து மருந்து கொடுத்தார்களா? டியூப் போடுகிற எவருடைய யூரினிலும் கிருமியும் பஸ் செல்லும் அடிக்கடி இருக்கும். எப்போதும் உள்ளேயே இருக்கும் ஃபோலி டியூப் போட்டு, யூரின் சேர யூரோபேக் மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லோருக்குமே கிருமி வந்துவிடும். தொந்தரவு எதுவும் தராத கிருமியை மருந்தால் விரட்டக் கூடாது என்பதில் இன்றைய வழிகாட்டுதல்கள் தெளிவாக இருக்கின்றன. கர்ப்பமாக இருக்கும்போதும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் போன்றவற்றுக்கு முன்பும் மட்டும் விதிவிலக்கு. தேவையில்லாமல் கொடுத்தால் சாதுவான கிருமி செத்து, எந்த மாத்திரைக்கும் அடங்காத ஒன்று அந்த இடத்தில் குடியேறும். பிறகு உண்மையான காய்ச்சல் வரும்போது மாத்திரை கேட்காது, ஆஸ்பத்திரியில் படுத்து ஊசிதான்.

எரிச்சல் தெரியாத உடம்பில் உண்மையான இன்ஃபெக்‌ஷனை எப்படிக் கண்டுபிடிப்பது? காய்ச்சல், குளிர் நடுக்கம், காரணமில்லாத அசதி, கால் இழுப்பு வழக்கத்தைவிடத் திடீரென்று கூடுவது, இரண்டு டியூப்புக்கு நடுவே இதுவரை இல்லாத ஒழுகல். இவற்றில் ஒன்று புதிதாக வந்திருந்தால் சந்தேகப்படலாம். வாடையும் கலங்கலும் மட்டும் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பார், கொஞ்சம் கூட்டிக் கொடுத்து ஒரு நாள் பாருங்கள். மருந்து தொடங்குவதாக இருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே, எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் கல்ச்சர் பரிசோதனைக்குப் புது டியூபில் வந்த யூரினைக் கொடுங்கள். ஃபோலி இருப்பவர்கள் பழையதை எடுத்துப் புதிது போட்டபின் அதிலிருந்து கொடுக்க வேண்டும், யூரோபேக்கிலிருந்து பிடித்துக் கொடுக்கவே கூடாது.

மோஷன் விஷயத்தைத் தனியாக எண்ணாதீர்கள். மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னால் ஒட்டியே இருக்கிறது. அதில் கெட்டி மலம் அடைத்திருந்தால் பை அழுத்தப்பட்டு முழுக்கக் காலியாகாது, இடையில் ஒழுகவும் செய்யும். போதாததற்கு, யூரின் இன்ஃபெக்‌ஷனில் அதிகம் வருகிற ஈ.கோலை மலத்தில் வாழும் கிருமி. நேரம் தெரியாமல் டயப்பரில் மோஷன் போய், அரை மணி நேரம் அப்படியே இருந்தால் அந்தக் கிருமி மூத்திரத் துவாரம் வரை வந்துவிடும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் வயிறு இளகி இது இன்னும் மோசமாகும், அதனால் அடுத்த இன்ஃபெக்‌ஷன். நான் சொன்ன கடைக்காரரிடம் இதுவும் இருந்தது. அவர் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். விரல் விட்டுப் பார்த்தால் மலக்குடல் முழுக்கக் கல் மாதிரி மலம். அதைச் சுற்றி ஒழுகிய தண்ணீர்தான் அவர் பார்த்த ‘போக்கு’. பல நாள் சரியாகப் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகப் போனால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

டி10ல் அடிபட்டவர்களுக்குப் பொதுவாக ஆசனவாய்த் தசை இறுக்கமாகவே இருக்கும், அதன் அனிச்சைச் செயலும் மிச்சம் இருக்கும். இதை டாக்டர் ஒரு முறை பரிசோதித்து உறுதி செய்யட்டும். தண்டுவடத்தின் நுனியிலோ அதற்குக் கீழேயோ அடிபட்டுத் தசை தொளதொளவென்று இருந்தால் முறையே வேறு. அவர்களுக்கு மலம் கொஞ்சம் கெட்டியாக இருப்பது நல்லது, தினமும் விரலால் எடுத்துவிட வேண்டும். தம்பிக்கு அனிச்சைச் செயல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே நேரம் என்று முடிவு செய்யுங்கள். சாப்பிட்டபின் குடல் தானாக அசையும், அதனால் இட்லி, சூடான காப்பி ஆனபின் 20, 30 நிமிடம் கழித்துத் தொடங்குவது நல்லது. முதலில் டியூப் போட்டு யூரினை எடுத்துவிடுங்கள், அதன்பிறகு இந்த வேலைக்குத் தனிக் கையுறை. விரலில் ஜெல் தடவி, கையில் எட்டும் மலத்தை எடுத்துவிட்டு, பைசகோடில் சப்போசிட்டரியைக் குடலின் சுவரைத் தொடும்படி வையுங்கள். மலத்துக்குள் செருகினால் அது வேலை செய்யாது. கால் மணி கழித்துக் கமோடு நாற்காலியில் உட்கார வைத்து, விரலை உள்ளே விட்டு சுவரோடு மெதுவாக வட்டமாக 15, 20 வினாடி சுற்றுங்கள். தசை தளர்ந்து மலம் இறங்கும். ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி. இரண்டு முறை சுற்றியும் எதுவும் வராமல், சளி மட்டும் வந்தால் முடிந்தது என்று அர்த்தம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், ரத்தம் கண்டால் நிறுத்திவிட வேண்டும். கமோடு இருக்கையில் மெத்தை இருக்கட்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் புண் வரும். இதெல்லாம் முடிந்தபின் குளியல். புது ஒழுங்குக்குக் குடல் பழக மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் வாரமே பலிக்கவில்லை என்று தினம் ஒரு மருந்தாக மாற்றினால் எதுவும் பழகாது.

வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், நெருஞ்சில் கஷாயம் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சாதாரண அளவில் முதல் இரண்டும் வெறும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியவைதான், முதுகுத்தண்டு காயத்தில் இன்ஃபெக்‌ஷனைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கஷாயத்தை வேறு மாத்திரை ஓடும்போது டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். கிரான்பெரி மாத்திரை அடிக்கடி இன்ஃபெக்‌ஷன் வரும், முதுகுத்தண்டு காயம் இல்லாத பெண்களுக்கு ஓரளவு உதவுகிறது. நரம்பு பாதித்த பைக்கு அது உதவுவதாக நிரூபணமாகவில்லை.

அளவும் நேரமும் சரியாகி, மோஷனும் ஒழுங்காகி, அப்படியும் காய்ச்சலோடு திரும்ப வந்தால் காரணம் உள்ளே இருக்கலாம். ஒரே கிருமி, அதிலும் புரோட்டியஸ் என்று கல்ச்சரில் திரும்பத் திரும்ப வந்தால் பையிலோ சிறுநீரகத்திலோ கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். இன்னொன்று, பை உள்ளுக்குள் அதிக அழுத்தத்தில் இறுகிக்கொண்டிருப்பது. வெளியே எதுவும் தெரியாமலே இது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனையில்தான் தெரியும், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகளால் அடக்கலாம். அந்த மாத்திரை மலச்சிக்கலைக் கூட்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதத்தில் இந்தப் பரிசோதனை செய்யவில்லையென்றால் இப்போதே கேளுங்கள். வருடம் ஒரு முறை சிறுநீரக ஸ்கேனும் வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் நார்மல் என்று மட்டும் நிம்மதி அடையாதீர்கள், கால் தசை மெலிந்தவர்களுக்கு அந்த எண் இயல்பாகவே குறைவாகக் காட்டும்.

நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, யூரினே வராமல் போவது, கட்டி கட்டியாக ரத்தம் என்றால் அளவு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. இதைப் படிப்பவர்களில் டி6 அல்லது அதற்கு மேலே அடிபட்டவர் இருந்தால் ஒரு வார்த்தை. பை நிரம்பினாலோ மலம் அடைத்தாலோ திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்வை, ரத்த அழுத்தம் ஏறுவது நடக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, உடையைத் தளர்த்தி, பையைக் காலி செய்யுங்கள், டியூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அடங்காவிட்டால் தாமதிக்காமல் கிளம்புங்கள். டி10ல் இது சாதாரணமாக வருவதில்லை.

இப்போது ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளையும் ஒரு நோட்டும் வாங்குங்கள். ஒரு வாரம், ஒவ்வொரு முறையும் நேரம், மில்லி, இடையில் நனைந்ததா, அன்று மோஷன் போனதா, மாலையில் கணுக்கால் வீங்கியதா என்று எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது பழைய லேப் ரிப்போர்ட்டோடு அதையும் கொண்டுபோங்கள். விரும்பினால் இங்கேயும் போடுங்கள், காலை 6 மணி எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.